தோல் பச்சையாக இருந்தால் உள்ளே மாப்பொருளும் இருக்குமா? வாழைப்பழம் பழுக்கும்போது மாறுவது என்ன?

நானுஓயா கலை

வணக்கம். என் அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது. வாழைப்பழம் சாப்பிடுவதென்றால் நன்றாகக் கனிந்ததைத் தவிர்த்துச் சற்றுக் காய்ப்பதமானதைச் சாப்பிடும்படி மாதாந்தக் கிளினிக்கில் ஒரு தாதி சொல்லியிருக்கிறார். சமிபாட்டை எதிர்க்கும் மாப்பொருள் அதில் கூடுதலாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அது உண்மைதானா என்று அறிய விரும்புகிறேன்.

உண்மையென்றால் எனக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நுவரெலியாச் சந்தையில் வாங்கிவரும் ஆனைமாலுச் சீப்பு எங்கள் வீட்டில் ஒழுங்காக மஞ்சளாவதே இல்லை. சில நாட்களில் தோல் சாம்பல் கலந்த கபில நிறமாகிவிடுகிறது, உள்ளே சதை இறுக்கமாகவே இருக்கிறது. கம்பளையிலிருந்து மாமா கொண்டுவரும் அதே இனப் பழமோ தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே இனிக்கிறது. இவற்றில் எதைக் காய் என்றும் எதைப் பழம் என்றும் எடுத்துக்கொண்டு அம்மாவுக்குக் கொடுப்பது?

கண்டி ஓட்டக்காரன்

தாதி சொன்னது சரி. பச்சையாக இருக்கும்போது மாப்பொருள், பழுத்த பின் வெல்லம், அவ்வளவுதான். பழுக்கப் பழுக்க இனிப்புக் கூடுவதால் கலோரியும் கூடுகிறது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். நான் ஓட்டப் பயிற்சிக்காக இவற்றையெல்லாம் வாசித்து வைத்திருக்கிறேன். சமைத்த சோற்றை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எதிர்ப்பு மாப்பொருள் உண்டாகும் என்பது பலருக்கும் தெரிந்த விடயம். அதே முறையில் பழுத்த வாழைப்பழத்தையும் குளிரில் வைத்துச் சாப்பிட்டால், வெல்லத்தின் ஒரு பகுதி மீண்டும் மாப்பொருளாகிவிடும். உங்கள் ஊர்க் குளிருக்குப் பெட்டிகூடத் தேவையில்லை.

பேராதனை விளைபொருள்

கலை, உணவு விஞ்ஞானம் படித்து, அறுவடைக்குப் பிந்திய பழங்களோடு சில காலம் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். முதற் கேள்விக்கு விடை ஆம் என்பதே, அதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு, எந்த நிலையில் என்பதைப் பார்த்தால்தான் அம்மாவுக்குப் பயன்படும்.

நன்றாக விளைந்த, பழுக்கத் தொடங்காத வாழைக்காயின் சதையில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சும் உலர்பொருளில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் மாப்பொருள்தான். நீரோடு சேர்த்துக் கணக்கிட்டால் 100 கிராம் சதையில் சுமார் 20 கிராம். முற்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்த இனிப்பு இனப் பழத்தில் அது 1 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். இடையில் காணாமற்போனது முதலில் சுக்குரோசாகவும், பின்னர் அதிலிருந்து குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் மாறியிருக்கும். காய் தானே வெளியிடும் எதிலீன் என்ற வாயு இந்த மாற்றத்தைத் தொடக்கிவைக்கிறது. தொடங்கிய பின் உகந்த வெப்பநிலையில் ஒரு வாரம் அளவிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும்.

மாப்பொருள் இருப்பது வேறு, அது சமிபாட்டை எதிர்ப்பது வேறு. 1986இல் எங்லிஸ்ட், கமிங்ஸ் என்ற இருவர், பெருங்குடல் அகற்றப்பட்டுச் சிறுகுடலின் முடிவு வயிற்றுச் சுவரில் திறந்துவிடப்பட்டிருந்த தொண்டர்களுக்கு வெவ்வேறு பழுநிலையிலுள்ள வாழைப்பழங்களைக் கொடுத்து, சிறுகுடலைத் தாண்டி வெளியே வந்ததை அளந்தார்கள். பச்சைக் காயின் மாப்பொருளில் 90 சதவீதம் வரை சமிபாடடையாமலே வெளியே வந்திருந்தது. பழம் கனியக் கனிய அந்த அளவு குறைந்தது. இது சோதனைக் குழாயில் செய்த கணக்கன்று, மனிதக் குடலிலேயே அளக்கப்பட்டது என்பதால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இதை மேற்கோள் காட்டுகிறோம்.

ஓட்டக்காரத் தம்பிக்கு ஒரு வார்த்தை. சோறு பற்றிச் சொன்னது சரி. வேகும்போது அவிழ்ந்த மாப்பொருள் இழைகள் குளிரும்போது மீண்டும் நெருங்கிச் சேர்ந்து, நொதியத்துக்கு எளிதில் இடங்கொடாத அமைப்பாகின்றன. ஆனால் பழுத்த பழத்தில் அப்படிச் சேர்வதற்கு இழைகளே மீதமில்லை, இருப்பது வெல்லம். குளிரில் வைத்தால் அது குளிர்ந்த வெல்லமாக இருக்கும், மாப்பொருளாகத் திரும்பாது. கலோரி பற்றிச் சொன்னதும் முழுவதும் சரியன்று. மொத்தக் காபோவைதரேற்று பழுக்கும்போது கூடுவதில்லை, சுவாசத்தில் சிறிது செலவாகிக் குறையத்தான் செய்கிறது. மாறுவது அதில் எவ்வளவை நமது சிறுகுடல் எடுத்துக்கொள்கிறது என்பதுதான்.

கண்டி ஓட்டக்காரன்

நன்றி அக்கா. ஆனால் உடல் எடுத்துக்கொள்ளும் சக்தி பழுத்ததில் கூடுதல் என்றால், சாப்பிடுகிறவரின் பார்வையில் கலோரி கூடியதாகத்தானே பொருள்? பச்சையாகச் சாப்பிட்டால் மாப்பொருள் வீணாகப் போகிறது, பழுத்தால் போவதில்லை.

பேராதனை விளைபொருள்

அந்த அளவில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது வீணாகப் போவதில்லை. பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து சிறிய கொழுப்பமிலங்களாக்குகின்றன, அவற்றை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. கிராமுக்கு 4 கிலோகலோரிக்குப் பதிலாகச் சுமார் 2 என்று கணக்கிடுவது வழக்கம். காயைப் பச்சையாகத் தின்றவருக்கு வயிறு ஊதிக் காற்றுப் பிரிவதற்கும் காரணம் இந்த நொதித்தல்தான்.

பதுளை ராசு

ஐயா, அக்கா, அனைவருக்கும் வணக்கம். எனக்கும் நீரிழிவு இருக்கிறது. இதே செய்தியைக் கேள்விப்பட்டு, நான் பல மாதங்களாகச் சாம்பல் வாழைக்காயைக் கறியாகச் சமைத்துப் பெரும்பாலான நாட்களில் மதியச் சோற்றோடு சாப்பிட்டு வருகிறேன். சிலவேளை சோற்றைக் குறைத்து, அவித்த வாழைக்காயையே தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடுவதும் உண்டு. எனது மானியில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அவித்த காயை மட்டும் சாப்பிட்ட நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் பார்த்தால், சோறு சாப்பிட்ட நாளைப் போலவே இருக்கிறது. ஆகவே பச்சை வாழையில் ஏதோ விசேடம் இருக்கிறது என்ற பேச்சையே நான் இப்போது நம்புவதில்லை. கலை தங்கச்சி அம்மாவுக்கு வாழைக்காய்க் கறி சமைத்துக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

பேராதனை விளைபொருள்

ராசு அண்ணா, கலை கேட்டது சமைக்காமல் உண்ணும் பழத்தைப் பற்றி. ஆனால் உங்கள் அனுபவத்தை விட்டுவிட முடியாது, ஏனென்றால் நீங்கள் கண்டதும் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

வாழைக்காயின் மாப்பொருள் பெரிய, வழவழப்பான, நெருக்கமாக அடுக்கப்பட்ட மணிகளாகக் கலத்துக்குள் கிடக்கிறது. மணியின் உட்புறம் இழைகள் பளிங்குபோல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், நமது கணையம் சுரக்கும் நொதியம் மேற்பரப்பை மட்டும் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே உணவு சிறுகுடலைக் கடந்துவிடுகிறது. எதிர்ப்பு என்று சொல்வது இந்த அடுக்கின் எதிர்ப்பைத்தான். மாப்பொருளின் இரசாயனம் அரிசியில் உள்ளதைப் போன்றதே. நீரோடு சேர்த்துச் சூடாக்கினால், ஏறத்தாழ 65 முதல் 75 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் மணி நீரை உறிஞ்சி வீங்கி, அடுக்குக் குலைந்து கூழாகிவிடுகிறது. அதன் பின் அதைச் சமிபாடடையச் செய்வது நொதியத்துக்கு எளிது. அவித்த சாம்பல் வாழைக்காய் இந்த விடயத்தில் அவித்த கிழங்கைப் போன்றதே.

மலையுச்சியில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் எதிர்ப்பு மாப்பொருள் தப்பிக்குமா என்று யாராவது கேட்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே நீர் சுமார் 94 பாகையில் கொதிக்கும். மணி குலையும் வெப்பநிலையைவிட அது இன்னும் மிக அதிகம். காய் மென்மையாவதற்குச் சற்று நேரம் கூடலாம், மாப்பொருள் தப்பிப்பதில்லை.

கண்டி ஓட்டக்காரன்

அப்படியானால் அவித்த காயைக் குளிரவைத்து மறுநாள் சாப்பிட்டால்? அங்கே இழைகள் இருக்கின்றன அல்லவா?

பேராதனை விளைபொருள்

இருக்கின்றன, ஆகவே அந்த இடத்தில் உங்கள் யோசனை பொருந்தும். குளிர்ந்த பின் ஒரு பகுதி மீளும், ஆனால் பச்சைக் காயில் இருந்த அளவுக்கு ஒருபோதும் வராது. எவ்வளவு மீளும் என்பது இனம், அவித்த நேரம், வைத்திருந்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ராசு அண்ணா முதல்நாள் அவித்ததைக் குளிராகச் சாப்பிட்டு மானியில் பார்க்கலாம். ஆனால் சம்பலின் தேங்காய்கூட எண்ணை மாற்றிவிடக்கூடியது என்பதால், ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுகட்டக் கூடாது.

சமைத்த காய் முற்றிலும் பயனற்றது என்றும் நான் சொல்லமாட்டேன். வங்காளதேசத்தில் நீண்டநாள் வயிற்றுப்போக்கால் வருந்திய குழந்தைகளுக்கு, சமைத்த பச்சை வாழைக்காயை அரிசி உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது குணம் விரைந்தது என்று 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் எஞ்சிய மாப்பொருள் வேலை செய்ததா, வேறு ஏதாவதா என்பதில் எனக்குத் தெளிவான முடிவு இல்லை. இதே ஆய்வில் காய்க்குப் பதிலாகப் பெக்ரின் கொடுத்தபோதும் பயன் தெரிந்தது.

மாத்தளை வாழைத்தோட்டம்

மேலே எழுதியவர்கள் சதையைப் பற்றிப் பேசிவிட்டார்கள். தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியது வாழை வளர்ப்பவனின் பங்கு. கலையின் இரண்டாவது கேள்விக்கு இதுவரை எவரும் விடை சொல்லவில்லை.

தோல் பச்சையிலிருந்து மஞ்சளாவதும், உள்ளே மாப்பொருள் வெல்லமாவதும் ஒரே நேரத்தில் நடப்பது வழக்கமே தவிர, ஒன்று மற்றொன்றைக் கட்டாயமாக இழுத்துக்கொண்டு போவதில்லை. ஏழு படிகளாக வரைந்து வைத்திருக்கும் நிற அட்டவணையை வைத்துக்கொண்டு பெரிய கடைகளில் பழம் தரம் பிரிக்கிறார்கள். அது ஏற்றுமதி இனங்களைக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில், 14 முதல் 18 பாகை வரை வைத்துப் பழுக்கவைக்கும்போது பொருந்துவது. எங்கள் பக்கத்து வெயிலில், காற்றோட்டமில்லாத லொறியில் மூடிக் கிடந்த ஆனைமாலு வகைக் காய்களின் தோல் பச்சையை விடாது, சதை மட்டும் பழுத்துவிடும். உங்கள் மாமா கம்பளையிலிருந்து கொண்டுவரும் பழம் அந்த வகையைச் சேர்ந்தது. தோலின் பச்சையம் சிதையும் வேலை சூட்டில் தடைப்படுகிறது, சதையிலுள்ள நொதியங்கள் தடைப்படுவதில்லை.

நுவரெலியாவில் நடப்பது இதற்கு நேர்மாறு. சுமார் 13 பாகைக்குக் கீழ் வைத்த வாழைக்காய் குளிர்க்காயம் படுகிறது. தோலிலுள்ள பீனோல் வகைப் பொருட்கள் ஒட்சியேற்றமடைந்து சாம்பலாகவும் கபிலமாகவும் மாறும், பழுக்கும் செயல் மந்தமாகும் அல்லது பாதியில் நின்றுவிடும். அங்கே இரவில் வீட்டுக்குள்ளேயே குளிர் அந்த அளவுக்கு இறங்குவது வழக்கம். பார்த்தால் கனிந்து அழுகப்போகும் பழம்போல் தெரியும், உரித்தால் சதை காயாகவே இருக்கும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. காய் விளைவதற்கு முன்பே, அதாவது பக்க விளிம்புகள் உருண்டு வராமல் கூர்மையாக இருக்கும்போதே குலையை வெட்டி, புகை போட்டோ காபைட் வைத்தோ மஞ்சளாக்குகிறார்கள். காபைட்டிலிருந்து வரும் அசற்றிலீன், எதிலீனைப் போலவே தோலைத் தூண்டிவிடும். தோல் அழகிய மஞ்சளாக இருக்கும், சதை மாப்பிடித்துச் சுவையற்றிருக்கும். அப்படிப்பட்ட பழத்தில் மாப்பொருள் கூடுதலாக இருக்கக்கூடும், ஆனால் அதற்காக அதைத் தேடி வாங்கும்படி எவருக்கும் சொல்லமாட்டேன்.

ஹட்டன் விஞ்ஞான ஆசிரியர்

தோலை நம்ப முடியாதென்றால் சதையிடமே கேட்கலாம். சாதாரண தர மாணவர்கள் இலையில் மாப்பொருள் தேடும் அயடீன் பரிசோதனை இங்கே அப்படியே பொருந்தும், ஏனென்றால் வாழைச் சதையில் நிறத்தை மறைக்கும் பச்சையம் இல்லை. மருந்தகத்தில் காயத்துக்கு விற்கும் பொவிடோன் அயடீன் கரைசலை எடுத்து, வெறுந்தேநீரின் நிறம் வரும்வரை நீர் விட்டு ஐதாக்குங்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைக் கரைசலில் ஒரு நிமிடம் தோய்த்து எடுத்து வையுங்கள். மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும், இல்லாத இடம் அயடீனின் கபில மஞ்சளாகவே இருக்கும். ஐதாக்காமல் ஊற்றினால் எல்லாமே கருமையாகத் தெரிந்து ஏமாற்றும். கத்தியை ஒவ்வொரு பழத்துக்கும் இடையில் கழுவிக்கொள்ளுங்கள், காயின் மாப்பொருள் கத்தியில் ஒட்டி அடுத்த பழத்தில் படியும். தோய்த்த துண்டை எவரும் சாப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நானுஓயா கலை

சேர், சொன்னபடி செய்து பார்த்தேன். வெட்டி இரண்டு நாள் ஆகாத புளிவாழைக் காய் முகம் முழுவதும் கறுத்துவிட்டது. தோல் சாம்பலாகிப்போன ஆனைமாலுவும் ஏறத்தாழ அதேபோல் கறுத்தது, நடுவில் மட்டும் ஒரு சிறிய இடம் வெளிறியிருந்தது. பச்சைத் தோலோடு இருந்த கம்பளைப் பழத்தில் நடுப்பகுதி முழுவதும் அயடீன் நிறமாகவே இருந்து, தோலை ஒட்டிய ஓரத்தில் மட்டும் மெல்லிய நீல வளையம் தெரிந்தது. புள்ளி விழுந்த கோழிக்கூட்டுப் பழத்தில் எந்த நீலமும் இல்லை. ஆக, இத்தனை நாட்களாக நான் அம்மாவுக்குப் பச்சை என்று பார்த்துக் கொடுத்தது மாமாவின் இனிப்புப் பழத்தைத்தான் போலிருக்கிறது. அப்படியானால் சாம்பல் தோல் பழத்தை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

ஹட்டன் விஞ்ஞான ஆசிரியர்

நீங்கள் கண்ட வளையம் முக்கியமானது. வாழையில் மாப்பொருள் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிக் குறைந்துகொண்டு போகும். அதனால் வெளிறிய பகுதியின் அகலத்தைக் கொண்டு பழம் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று ஒப்பிடலாம். ஆனால் அயடீன், மாப்பொருள் இருக்கிறதா என்றுதான் சொல்லும், அது சமிபாட்டை எதிர்ப்பதா இல்லையா என்று சொல்லாது. ராசு அவர்களின் அவித்த வாழைக்காயைத் தோய்த்தாலும் அது கறுத்துத்தான் காட்டும்.

பேராதனை விளைபொருள்

சேர் சொன்ன எல்லையை மனதில் வைத்துக்கொண்டு, கலையின் அம்மா தட்டில் எடுக்கப்போகும் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

வாழைப்பழத்தில் நார்ப்பொருள் 100 கிராமுக்கு 2.6 கிராம் என்று பட்டியல்களில் காண்பீர்கள். பழைய அளவீட்டு முறை எதிர்ப்பு மாப்பொருளில் பெரும்பகுதியை நார்ப்பொருளாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதையும் சேர்த்து அளக்கும் புதிய முறையைக் கொண்டு, அமெரிக்கக் கடைகளில் விற்கும் கவென்டிஷ் இனத்தை வெவ்வேறு பழுநிலையில் அளந்து 2021இல் வெளியிட்டார்கள். காயில் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் வந்தது, பழுத்ததில் 4 முதல் 5, மிகக் கனிந்ததில் சுமார் 2. மிகக் கனிந்ததில் எஞ்சிய 2 கிராமை உண்மையான நார் என்று வைத்துக்கொண்டால், காயில் 16 கிராம் வரையும், சாதாரணமாக உண்ணும் பழத்தில் 2 முதல் 3 கிராம் வரையும் எதிர்ப்பு மாப்பொருள் என்று ஏறத்தாழக் கொள்ளலாம்.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது, வீழ்ச்சி ஒரே சீராக இல்லை என்பதுதான். காய் பழுக்கத் தொடங்கிய முதற் சில நாட்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. 16 கிராம் உள்ள நிலையில் காய் கடினமாகவும், தனினால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடும் இருக்கும், அதை எவரும் விரும்பிச் சாப்பிடமாட்டார்கள். வாய்க்கு ஏற்றதாகும்போது, காம்பும் நுனியும் மட்டும் பச்சையாக உள்ள பழத்தில், எஞ்சுவது சில கிராம்தான். ஒரு புளிவாழைப்பழத்தின் சதை 100 கிராமுக்கு நன்றாகக் குறைவு என்பதால் ஒரு பழத்துக்குக் கிடைப்பது இன்னும் குறைவு.

அப்படியிருந்தும் தாதி சொன்னது வீண் அன்று. 1992இல் டென்மார்க்கில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சற்றுக் காய்ப்பதமான பழத்தையும் மிகக் கனிந்த பழத்தையும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்து அளந்தபோது, காய்ப்பதமான பழத்துக்குக் குருதிக் குளுக்கோசு குறைவாக உயர்ந்தது. இரண்டுமே வெள்ளைப் பாணைவிடக் குறைவாகத்தான் உயர்த்தின. ஆகவே நுனி பச்சையாக உள்ள பழத்தைத் தெரிவுசெய்வதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தெரிவை நம்பிக்கொண்டு ஒன்றுக்குப் பதில் மூன்று சாப்பிட்டால், லாபம் முழுவதும் போய்விடும். அம்மாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் பொற்றாசியத்துக்காக மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும், காயாக உண்பதால் அது குறையாது.

சாம்பல் தோல் பழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளே அழுகலோ பூஞ்சணமோ இல்லாவிட்டால் அதில் நஞ்சு ஏதும் இல்லை, மாப்பொருளும் இருக்கிறது என்று அயடீன் காட்டிவிட்டது. ஆனால் அது துவர்க்கும், வயிற்றை ஊதவைக்கும், எதிர்ப்பு மாப்பொருள் எவ்வளவு என்பதற்கு எவரும் உங்களுக்கு எண் தர முடியாது. குளிர்க்காயம் பட்ட பழத்தை ஓர் உணவுத் திட்டமாக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பதுளை ராசு

அக்கா, எனக்கு இன்னும் ஓர் ஐயம். பழம் தன் மாப்பொருளைத் தானே ஒரு வாரத்தில் வெல்லமாக்கிக்கொள்கிறது, அதையும் சமைக்காமலே. அதே வேலையை நமது குடலிலுள்ள நொதியம் செய்ய முடியாது என்றால் எப்படி நம்புவது?

பேராதனை விளைபொருள்

நல்ல கேள்வி. நேரம் ஒரு காரணம். சிறுகுடலில் உணவு இருப்பது சில மணித்தியாலங்கள், பழத்துக்குக் கிடைப்பது நாட்கள். மற்றக் காரணம் கருவி. பழத்தின் கலத்துக்குள் ஒரு நொதியம் மட்டும் வேலை செய்வதில்லை. மணியின் மேற்பரப்பில் பொசுபேற்றை இணைத்து அடுக்கைத் தளர்த்துவது ஒன்று, கிளைகளை வெட்டுவது ஒன்று, இழையின் நுனியிலிருந்து மோற்றோசாகக் கழற்றுவது இன்னொன்று. நமது கணையத்தில் அந்தத் தளர்த்தும் கருவி இல்லை, அந்த வேலையை நாம் அடுப்பிடம் கொடுத்துவிட்டோம். எந்த நொதியம் எந்த நாளில் முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, இனத்துக்கு இனமும் மாறுகிறது. கறி வாழை இனங்கள் தோல் கறுக்கும்வரை பழுத்த பின்னும், இனிப்பு இனங்களைவிடக் கூடுதலான மாப்பொருளை வைத்திருக்கும்.

கண்டி ஓட்டக்காரன்

காயை உலர்த்தி மாவாக்கினால்? சமைக்காமல் தயிரில் கலந்து குடித்தால் 16 கிராம் கணக்கில் கிடைக்கும் அல்லவா? கண்டிக் கடையொன்றில் வாழைக்காய் மா பார்த்தேன்.

பேராதனை விளைபொருள்

இந்த முறை நேராகப் போய்விட்டீர்கள். 50 பாகை அளவில் உலர்த்திய மாவில் மணி குலையாமல் இருக்கும், அதைச் சூடாக்காமல் சேர்த்தால் எதிர்ப்பு மாப்பொருள் அப்படியே சேரும். அதையே கஞ்சியாகக் காய்ச்சினால் போய்விடும். ரொட்டியில் நீர் குறைவு என்பதால் ஒரு பகுதி தப்பலாம், எவ்வளவு என்பது மாவின் ஈரத்தையும் கல்லின் சூட்டையும் பொறுத்தது. கடையில் வாங்கும் மா எந்த வெப்பநிலையில் உலர்த்தப்பட்டது என்று பொதியில் எழுதியிருக்காவிட்டால் நம்பிச் சொல்ல முடியாது. தொடங்கினால் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள், ஓட்டப் பயிற்சி உள்ள நாளில் வேண்டாம்.

நானுஓயா கலை

மாத்தளை அண்ணாவிடம் கடைசியாக ஒன்று. நுவரெலியாவில் வாங்கிய காய் சாம்பலாகத் தொடங்கிய பின், அதைக் கீழே சூடான இடத்துக்கு அனுப்பினால் பழுக்குமா? நுனி பச்சை நிலையில் பிடித்துக்கொள்ள வேறு வழி இருக்கிறதா?

மாத்தளை வாழைத்தோட்டம்

ஓரிரு இரவு மட்டும் குளிர் பட்டதென்றால் தோல் அழுக்காகவே இருக்கும், சதை இனித்துவரும். பல நாள் கிடந்ததென்றால் ஒரு பக்கம் மெழுகுபோல் இறுகி நின்றுவிடும், பிறகு எந்தச் சூட்டுக்கும் அசையாது. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை குலைக்குக் குலை மாறும், என்னால் ஒரு நாட்கணக்குச் சொல்ல இயலாது.

சந்தையில் வாங்கும்போதே, விளிம்பு உருண்ட, முழுப் பச்சையான, சாம்பல் படாத சீப்பைத் தெரிவுசெய்து, விறகடுப்புச் சுவருக்குப் பக்கத்தில், ஆனால் அடுப்பின் மேலே அல்லாமல், சாக்கினால் போர்த்தி வையுங்கள். இரவில் 15 பாகைக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். நுனி பச்சையாக நிற்கும் நிலை அங்கே இரண்டு மூன்று நாட்கள் நீடிக்கும், எங்கள் வெயிலில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. ஐயம் வந்தால் சீப்பில் ஒரு பழத்தை வெட்டி ஆசிரியர் சொன்ன அயடீனில் தோய்த்துப் பாருங்கள், ஓரத்து வளையம் அகலமாக நீலமாயிருக்கும்போது மற்றப் பழங்களைக் கொடுக்கத் தொடங்கலாம்.